கை மடங்குகிறது, அதனால் ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு வாரம் வீணாய்ப்போனது

நான் சேலத்தில் எலக்ட்ரீசியன். வயது 44. சேலத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. மேற்கையின் முன்பக்கச் சதையான பைசெப்ஸை முழங்கைக்குக் கீழே எலும்போடு சேர்க்கும் தசைநாண் எனக்கு அறுந்திருந்தது. அங்கே அதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, தேவையில்லாத ஊசிக்கு என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார்கள். பணத்தைக்கூட மறந்துவிடலாம். போன ஆறு வாரம் திரும்ப வராது.

ஏற்காட்டில் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்டப் போயிருந்தோம். பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். நானும் உதவிக்கு வந்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறினோம். மழை ஈரம். அவனுக்குக் கை வழுக்கிவிட்டது. மொத்த எடையும் என் வலது கையில் இறங்கியது. மடங்கியிருந்த முழங்கையை அந்தப் பாரம் நிமிர்த்த, நான் விடக்கூடாது என்று இறுக்கிப் பிடிக்க, உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். அந்தத் தம்பிக்கே கேட்டிருக்கிறது. "என்னண்ணே, பேட்டரி ஒடைஞ்சிருச்சா?" என்றான்.

சாட்டையால் அடித்தது மாதிரி வலி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் நானே வண்டி ஓட்டி இறங்கினேன். வலி குறைந்ததுதான் என்னை ஏமாற்றிய முதல் விஷயம். முழுதாக அறுந்த தசைநாணில் இழுபட எதுவும் மிச்சமில்லை. பாதி அறுந்தால்தான் நாள்கணக்கில் வலிக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் முழங்கையின் உள்மடிப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு. அது முன்னங்கை வரை இறங்கியது. அதோடு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்குங்க. கையை மடக்குங்க பார்ப்போம்." மடக்கினேன். "மடங்குதுல்ல? அப்ப ஜவ்வும் நல்லாத்தான் இருக்கு. சதைப் பிடிப்புதான்." கிரேப் பேண்டேஜ், பத்து நாள் மாத்திரை. கையைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

கை மடங்குவது ஒரு அத்தாட்சியே கிடையாது. முழங்கையை மடக்கும் முக்கியத் தசை, பைசெப்ஸுக்கு அடியில் இருக்கும் வேறொன்று. பைசெப்ஸ் அறுந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மடக்கும் பலம் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். அதிகம் போவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலம். அதில் ஏறக்குறைய நாற்பது சதவீதம். என் தொழிலில் அதற்கு ஒரே பெயர்: ஸ்க்ரூ முடுக்குவது. வலது கையால் ஸ்க்ரூவை முடுக்கும்போது கை அந்தப் பக்கம்தான் சுழல வேண்டும். சுவிட்ச் போர்டில் நாலு ஸ்க்ரூ போடுவதற்குள் கை தளர்ந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவியது. கழற்றுவதில் சிரமமே இல்லை, முடுக்குவதில்தான். இதை அந்த டாக்டரிடம் சொன்னேன். "ரெஸ்ட் எடுங்க" என்றார்.

இன்னொன்றும் இருந்தது. குளிக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் வலது கைச்சதை மேலே தோள்பட்டைப் பக்கம் பந்தாகச் சுருண்டிருந்தது, முழங்கைக்கு மேலே குழி. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் சொன்னதை நம்பினேன்.

மூன்றாவது வாரம் ஊசி ஆரம்பித்தார்கள். என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, அந்த இடத்தில் போட்டால் ஜவ்வு வளர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒன்று 9,000, இரண்டு போட்டார்கள். அறுந்த முனை எலும்பைவிட்டு மேலே போய்விட்ட பிறகு, இடையில் எந்த ஊசி போட்டாலும் அது எதை எதோடு ஒட்டும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

நாற்பதாவது நாள் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்கேன் கூடக் கேட்கவில்லை. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உள்ளங்கை என் முகத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பச் சொன்னார். கட்டைவிரல் பக்கத்திலிருந்து தன் ஆள்காட்டி விரலை மடிப்பில் கொக்கி மாதிரி நுழைத்தார். நல்ல இடது கையில் கயிறு மாதிரி ஒன்று விறைத்து நின்றது, விரல் அதற்கு அடியில் சென்று மாட்டிக்கொண்டது. வலது கையில் மாட்ட எதுவுமே இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கொக்கிச் சோதனையை 2007-ல் ஓ'டிரிஸ்கால் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பத்திரிகையில் விவரித்திருக்கிறார்கள். விரலை உள்பக்கத்திலிருந்து விட்டால் அங்கே இருக்கும் மெல்லிய பட்டை ஒன்று தட்டுப்பட்டு ஏமாற்றிவிடும், அதனால்தான் வெளிப்பக்கம். பாதி அறுந்த கையில் கயிறு தட்டுப்படவே செய்யும், அப்போது ஸ்கேன் வேண்டும். எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தது, முனை எவ்வளவு தூரம் மேலே போயிருக்கிறது என்று பார்க்க. ஏழு சென்டிமீட்டர்.

அவர் திட்டவில்லை, விளக்கினார். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்திருந்தால் முனையை இழுத்து, முன்னங்கையின் ஆரை எலும்பில் அது ஒட்டியிருந்த மேட்டிலேயே ஒரு சிறு உலோகப் பொத்தானால் மாட்டியிருக்கலாம். நாள் ஆக ஆகத் தசை சுருங்கும், முனை தழும்போடு ஒட்டிக்கொள்ளும், அது இருந்த வழி மூடிவிடும். எனக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து நடுவில் இணைத்துத்தான் மாட்ட முடிந்தது. வெட்டு பெரிது, நரம்பு அடிபடும் ஆபத்தும் கூடுதல். முன்னங்கையின் வெளிப்பக்கத் தோல் இன்னும் மரத்துக்கிடக்கிறது. கையை முழுதாக நிமிர்த்தப் பல வாரம் ஆனது, பாரம் தூக்க ஆறு மாதம். எல்லோருக்கும் ஆபரேஷன் அவசியமென்றில்லை, வயதாகி, பலமான வேலை இல்லாதவர்கள் அப்படியே சமாளிக்கலாம் என்றார். ஆனால் அதை முடிவு செய்வதற்கும் முதலில் அறுந்தது தெரிய வேண்டுமே.

என் பக்கத்துக் கட்டிலில் ஏற்காட்டில் காபித் தோட்ட வாட்ச்மேன் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. ஈரப்படியில் கால் சறுக்கி, விழாமல் தாங்கப் பார்த்தபோது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் "எக்ஸ்ரே சரி, ஜவ்வுப் பிடிப்பு" என்றே பன்னிரண்டு நாள். காலை விறைப்பாக வைத்து அவர் நடந்துவிடுவார், படியில் மட்டும் முழங்கால் சட்டென மடிந்து விழுவார். அவருக்கு அறுந்தது முழங்காலின் சிரட்டைக்கு மேலே, தொடைத்தசையின் நாண். மருத்துவர் படுக்கவைத்து, காலை நீட்டியபடி தூக்கச் சொன்னார். குதிகால் மெத்தையைவிட்டு எழவில்லை. சிரட்டைக்கு மேலே இரண்டு விரல் புதைகிற குழி. பழைய எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் பார்த்ததில் சிரட்டை கீழிறங்கி இருந்தது, அது அன்றைக்கே தெரிந்திருக்கும். பன்னிரண்டு நாளில் வந்ததால் அவருக்கு ஒட்டுப்போட வேண்டியிருக்கவில்லை, சிரட்டையில் துளையிட்டு நேராகத் தைத்துவிட்டார்கள். அவர் அதிர்ஷ்டசாலி.

டிஸ்சார்ஜ் ஆனபிறகு பழைய கிளினிக்குக்குப் போய் என் ஃபைலைக் கேட்டேன். முதல் நாள் குறிப்பில் "எலும்பு முறிவு இல்லை" என்று ஒரு வரி. ஊசிக்கு ரசீது கேட்டேன். "ஊசி 2, ரூ.18,000" என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன ஊசி என்று எழுதச் சொன்னதற்கு, டாக்டர் வந்த பிறகு வாங்க என்றார்கள். மூன்று முறை போய்விட்டேன்.