அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும் பிரான்ஸ் டாக்டரும்

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, எந்த நாட்டு டாக்டரும் படித்துக்கொள்வார் என்று நம்பி அப்படியே பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதில் ஆங்கிலம் என்று இருப்பது பாதிதான். மீதி எல்லாம் நம் ஊர் மாத்திரைக் கம்பெனி வைத்த பெயர்களும், நம் ஊர் டாக்டர்களுக்கு மட்டும் பழக்கமான சுருக்கெழுத்துகளும்.

அம்மா எங்களோடு பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று எல்லோரும் காரைக்காலுக்குப் போயிருந்தோம். அங்கே அவருக்கு நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆஞ்சியோ எடுத்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன், வேகமாகவும் அக்கறையாகவும் பார்த்தார்கள். சிக்கல் டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த காகிதத்தில் தொடங்கியது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம் எல்லாம் தூதரகத்துக்காக மொழிபெயர்த்துக் கைதேர்ந்தவர்கள். அப்படி ஒருவரிடம் கொடுத்தோம். முத்திரை, கையெழுத்தோடு சுத்தமாக வந்தது. நோயாளி எப்போது வந்தார், என்ன சொன்னார், எப்படி வீடு திரும்பினார் என்கிற வாக்கியங்கள் எல்லாம் அழகான பிரெஞ்சு. ஆனால் மருந்துப் பட்டியலை அப்படியே எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்து வைத்திருந்தார், சுருக்கெழுத்துகளையும் பெரும்பாலும் தொடவில்லை. அவருக்குத் தெரிந்தது சட்டக் காகிதம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பிரான்சில் டாக்டர் முதலில் பார்க்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்கோஸ்பிரின் கோல்ட் 20, இரவு ஒன்று. நம் ஊரில் எந்த மெடிக்கல் ஷாப் பையனும் சொல்லிவிடுவான், இது மூன்று மருந்து சேர்ந்த ஒரே கேப்ஸ்யூல்: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோகிரெல் 75, அடார்வாஸ்டாடின் 20. பெயரில் இருக்கும் 20 கொழுப்பு மருந்தின் அளவு மட்டும்தான். இதைப் பார்க்கும் பிரான்ஸ் டாக்டர், பெயரில் உள்ள 'ஸ்பிரின்' என்பதை வைத்து ஆஸ்பிரின் என்று ஊகித்தால் என்ன ஆகும்? ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளோபிடோகிரெல் கொடுக்கவில்லையே என்று தனியாக எழுதுவார், ஊரில் வாங்கி வந்த கேப்ஸ்யூலும் உள்ளே போனால் இரண்டு மடங்கு, ரத்தக்கசிவு அபாயம். இல்லையென்றால், இதற்குப் பதில் வெறும் ஆஸ்பிரின் மட்டும் எழுதிவிட்டால், புதிதாக வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது மறுபடி மாரடைப்பு.

அதனால் ஒரு மருந்துக்கு ஒரு வரி என்பதை விட்டு, ஒரு மூலப்பொருளுக்கு ஒரு வரி என்று பட்டியலைப் பிரித்து எழுத வேண்டும். பிரான்சில் 2015 ஜனவரியிலிருந்து டாக்டர்கள் மூலப்பொருளின் சர்வதேசப் பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிக்கும் அந்தப் பெயர் எந்த நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அது எங்கே கிடைக்கும் என்றால் மாத்திரை அட்டையின் பின்பக்கம், 'ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அங்கே. கடைகளில் கத்தரிக்கோலால் நறுக்கி நாலு மாத்திரை கொடுத்தால் அந்தப் பகுதியே போய்விடும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது நறுக்கும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் கடையில் இருந்த தம்பி, "எல்லாத்தையும் இங்கயே வைங்கக்கா, வரிசையா திருப்பி வைக்கிறேன், படம் எடுத்துக்குங்க" என்று உதவி செய்தான். அந்தப் படங்கள்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றின.

இரண்டாவது வரி, மெட் எக்ஸ்எல் 25. மெட்டோப்ரோலால், மெதுவாகக் கரையும் வகை. பின்பக்கம் பார்த்தால் மெட்டோப்ரோலால் சக்சினேட் 23.75 மில்லிகிராம், அது டார்ட்ரேட் 25-க்குச் சமம் என்று இருக்கும். பிரான்சில் இதே மருந்து 23.75 என்ற எண்ணோடுதான் விற்கிறது. 25 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த அளவில் இங்கே இல்லையே என்று டாக்டர் யோசிப்பார், அல்லது உடனே கரையும் வகையாக நினைத்துக்கொள்வார். எக்ஸ்எல், எஸ்ஆர் என்று நம் அட்டையில் உள்ளதை பிரெஞ்சில் எல்பி என்று போடுவார்கள். அந்த இரண்டெழுத்து விடுபட்டால் வேறு மருந்து மாதிரிதான்.

மூன்றாவது, என்னை ரொம்ப உறுத்தியது, பேன்-டி. வயிற்றுக்குத்தான் கொடுத்தார்கள், நம் ஊரில் இதை ஒரு பொருட்டாகவே யாரும் நினைப்பதில்லை. 'பேன்' என்பது பேன்டப்ரசோல் 40. அந்த 'டி' டொம்பெரிடோன் 30 மில்லிகிராம். ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே டொம்பெரிடோனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது, இதயத்துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம் என்பதால் இதய நோய் உள்ள பலருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பில் அந்த ஒற்றை எழுத்தை யாரும் விரித்து எழுதவில்லை என்றால் டாக்டருக்கு இது தெரிய வழியே இல்லை. இதற்காக ஊரிலேயே நாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரிடமே கேட்கலாம். கேட்டோம், தனியாக பேன்டப்ரசோல் மட்டும் போதும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் சர்க்கரைக்கு டெனிலிக்ளிப்டின் 20. இது இந்தியாவில் சாதாரணமாக எழுதும் மருந்து, ஐரோப்பாவில் விற்பனையில் இல்லை. இதற்குச் சமமான மருந்து எது என்று நாமோ மொழிபெயர்ப்பாளரோ எழுதக் கூடாது, அது டாக்டரின் வேலை. டிபிபி-4 தடுப்பான் வகை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதும், அதே வகையில் அங்கே கிடைக்கும் வேறொன்றை அவர் தேர்ந்தெடுப்பார்.

இனி சுருக்கெழுத்து. கடைசி வரியில் சார்பிட்ரேட் 5, எஸ்.எல்., எஸ்.ஓ.எஸ். என்று இருந்தது. தேவைப்பட்டால் மட்டும், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் 'எஸ்.ஓ.எஸ்.' என்பது 'அவசர நிலையில்' என்று வந்திருந்தது, எஸ்.எல். அப்படியே கிடந்தது. பிரான்சில் எஸ்.ஓ.எஸ். என்றால் வீட்டுக்கு வரும் அவசர டாக்டர் சேவை ஞாபகம்தான் வரும். நாங்கள் திருத்தி எழுதியது இப்படி: ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மில்லிகிராம், நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் ஒன்று. வலி நிற்கவில்லை என்றால் பிரான்சின் அவசர மருத்துவ எண்ணான 15-ஐக் கூப்பிடுவது என்பதை அம்மாவுக்கும் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தோம்.

ஓ.டி. என்றால் நமக்கு நாளுக்கு ஒரு தடவை. பிரெஞ்சுக்காரருக்கு அது வலது கண். 1-0-1 என்பதைப் புரிந்துகொள்ளும் டாக்டர்கள் இருப்பார்கள், ஆனால் காலை, மதியம், இரவு, படுக்கும் முன் என்று நாலு கட்டம் போட்டு நிரப்பிக் கொடுத்தால் சந்தேகமே வராது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

நோயின் பெயர்களிலும் இதே கதை. எந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்பதற்கு நம் காகிதத்தில் எல்.ஏ.டி. என்று இருக்கும், பிரெஞ்சு இதய டாக்டர்கள் அதே குழாயை ஐ.வி.ஏ. என்று எழுதுவார்கள். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவான எல்.வி.இ.எஃப். அங்கே எஃப்.இ.வி.ஜி. ஆகிவிடும், உயர் ரத்த அழுத்தம் எச்.டி.ஏ. ரத்த அழுத்தத்தையே 130/80 என்று சொல்லாமல் 13/8 என்று சொல்லும் ஊர் அது. சர்க்கரை, கொழுப்பு எண்களும் நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வதை அவர்கள் லிட்டருக்குக் கிராமில் சொல்வார்கள், 180 என்பது 1.80. நூறால் வகுப்பது சுலபம்தான், ஆனால் சம்மரியில் உள்ள எண்ணை மாற்றவே கூடாது. அசல் எண்ணை அலகோடு அப்படியே விட்டு, மாற்றியதை அடைப்புக்குறியில் பக்கத்தில் போட்டால் பிழை இருந்தாலும் யாராவது கண்டுபிடிக்க முடியும்.

சம்மரியில் இல்லாத ஒன்றையும் கேட்டு வாங்கினோம். குளோபிடோகிரெல் எதுவரை என்று அதில் எழுதவே இல்லை, அடுத்த ரிவ்யூவில் சொல்லிக்கொள்வோம் என்பது நம் ஊரில் வழக்கம். அம்மாவின் ரிவ்யூ வேறு நாட்டில் அல்லவா? டாக்டரிடம் நிலைமையைச் சொன்னதும் குறைந்தது 12 மாதம், இதய டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். ஸ்டென்டின் வகை, நீளம், விட்டம், வைத்த தேதி இருக்கும் ஸ்டிக்கரின் நகலும், ஆஞ்சியோ சிடியும் ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் கேட்டால்தான் கிடைத்தன. டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள், பிரான்சுக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

முத்திரை போட்ட மொழிபெயர்ப்பு வீண் என்று சொல்லவில்லை, இன்சூரன்ஸ்காரர்கள் அதைக் கேட்கலாம். ஆனால் டாக்டர் படித்தது நாங்கள் ஒரே பக்கத்தில் மறுபடி தயாரித்த பட்டியலை. இடது பக்கம் அட்டையில் உள்ள பெயர், நடுவில் மூலப்பொருளும் அளவும், வலது பக்கம் வேளை. பாரிசில் மருந்தியல் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி அட்டைப் படங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்த்தாள். மொழி தெரிந்தவர் ஒருவர், மருந்து தெரிந்தவர் ஒருவர், இரண்டு பேர் பார்வையும் பட்டாக வேண்டும்.

இதய டாக்டர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அங்கேயே புது மருந்துச் சீட்டு எழுதினார். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பு மருந்து மூன்றும் தனித்தனியாக வந்தன, கொழுப்பு மருந்தின் அளவைக் கூட்டினார், சர்க்கரை மாத்திரையை மாற்றினார். அன்று சாயங்காலமே ஊரில் வாங்கிய அட்டைகளில் சார்பிட்ரேட்டைத் தவிர எல்லாவற்றையும் அம்மாவின் மருந்து டப்பாவிலிருந்து எடுத்து பார்மசியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அம்மாவுக்கு மனசே இல்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்றார். ஆனால் பழைய கேப்ஸ்யூலும் புது மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருந்தால், மூன்று மருந்தும் இரண்டு மடங்காக உள்ளே போக ஒரு இரவு போதும்.