நகமா, உப்பா, நெருப்பா: காலில் ஒட்டிய அட்டையை எடுக்க எது சரி?

இடவப்பாதி மழையில் குமரி மாவட்டத்துக் காடுகளான கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் நடந்தால் காலில் ஏறுவது காட்டட்டை. நூல் மாதிரி மெலிந்து, செருப்பு வாருக்கும் காலுறைக்கும் நடுவே புகுந்துவிடும். கும்பப்பூ நடவுக்குத் தேரூர் ஏலாவில் இறங்குபவர் காலில் ஒட்டுவது நீரட்டை. அது பெரியது, தடித்தது, கெண்டைக்காலையும் முழங்கால் மடிப்பையும் பிடிக்கும். கடிக்கும் விதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எடுக்கும் வழியிலும் வித்தியாசம் இல்லை.

அட்டைக்கு இரண்டு முனையிலும் ஒட்டுறிஞ்சி உண்டு. அகலமாக, வட்டமாக இருக்கிற பின்முனை வெறும் பிடிமானம். மெலிந்த முன்முனையில்தான் வாயும் அதற்குள் பல் வரிசையுள்ள தாடைகளும் இருக்கின்றன. கடித்ததும் எச்சிலோடு ஹிருடின் போன்ற ஒரு பொருளை உள்ளே விடுகிறது. இரத்தம் உறைய வைக்கும் த்ராம்பினை அது முடக்கிவிடும். அட்டை போன பிறகும் மணிக்கணக்கில் கசிவு நிற்காததற்குக் காரணம் இதுதான். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. குடித்த இரத்தம் செரிக்க அது உதவுகிறது. அட்டையின் வயிற்றுக்குள் இருக்கும்வரை நமக்குத் தொந்தரவு இல்லை. வாயை எடுக்காத நிலையில் அட்டையை வதைத்தால், குடித்ததை அது கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக்கூடும். ஆக, ஒரு வழி நல்லதா கெட்டதா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். அட்டை கக்காமல் வாயை எடுக்குமா? சுற்றியுள்ள தோல் முழுசாக இருக்குமா?

உப்பைத்தான் பெரும்பாலோர் முதலில் தேடுவார்கள், அதற்குக் காரணமும் உண்டு. கல்லுப்பு பட்டதும் அட்டையின் உடம்பிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படும். அது சுருண்டு துடித்துச் சில நொடிகளில் விழுந்துவிடும். ஆனால் அந்தத் துடிப்பு நடக்கும்போது வாய் இன்னும் காயத்தின் மேலேயே இருக்கிறது. உப்புப் போட்ட கடி எல்லாம் சீழ் பிடிக்கும் என்று சொல்ல வரவில்லை, நிறைய ஆறிவிடும். வேறு வழி கையிலேயே இருக்கும்போது அந்த அபாயம் எதற்கு என்பதுதான் கேள்வி. உப்புக்கு உரிய இடம் காலுறையும் ஷூவும். துணியில் முடிந்த உப்பை நனைத்து, ஷூவின் மேல் ஏறிக்கொண்டிருக்கிற அட்டைமீது ஒற்றினால் அங்கேயே உதிர்ந்துவிடும். இன்னும் கடிக்காத அட்டை என்பதால் அது கக்கினாலும் நமக்கு ஒன்றுமில்லை.

வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு உப்பைவிட மோசம். அது காரம்; ஈரத்தோலில் பட்டால் வெந்துவிடும். அந்த நேரத்தில் தெரியாது, மறுநாள் கடிவாயைச் சுற்றிச் சிவந்து தோல் உரியும். அட்டைக்கடி ஆறவில்லை என்று காட்டப்படும் புண்களில் சுண்ணாம்பு வெந்த புண்ணும் இருக்கும். மென்ற புகையிலையைத் துப்பித் தேய்த்தால் அட்டை விடும்தான், கூடவே மனித வாயின் கிருமியும் திறந்த காயத்தில் சேரும். பீடி நெருப்பும் லைட்டரும் ஒரே வகை. அட்டை கக்கும், தோலும் பொசுங்கும், நைலான் கால்சட்டை போட்டிருந்தால் அது உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசையில் நெருப்புக்குத்தான் கடைசி இடம்.

பிடித்து இழுப்பது பலருக்கும் தன்னையறியாமல் வரும். அட்டை ரப்பர் போல நீளுமே ஒழிய எளிதில் விடாது. கடைசியில் அறுந்து வரும்போது தோலும் கிழிந்து வரலாம், கடிவாய் அகலமாகிக் கசிவு கூடும்.

தானாக விழும்வரை விட்டுவிடுவது தவறான யோசனை இல்லை. வயிறு நிரம்பினால், பொதுவாக இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், அது தானே வாயை எடுத்துக்கொள்ளும். கக்காது, தோலும் கிழியாது. எட்டாத இடத்தில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் இப்படி விடலாம். ஐந்தாறு ஒட்டியிருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நடவில் நிற்பவருக்கும் இது சரிப்படாது. குனிந்து நிற்கிற காலில் அட்டை ஊதிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு யாரும் நாற்று நடுவதில்லை. ஒரு கட்டத்தில் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

மிச்சமிருப்பது நகம். இந்த எல்லா வழியிலும் இதுதான் மேல். இதற்கு ஒரு பொருளும் தேவையில்லை. செய்வதில் ஒரு வரிசை மட்டும் உண்டு, அது தவறினால் பலன் கெட்டுவிடும்.

தேரூர் ஏலாவில் தொளியில் நிற்கிற ஒருவரின் இடது கெண்டைக்காலில் நீரட்டை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நடுபவர்தான் முதலில் பார்க்கிறார். "எக்கா, கால அசைக்காதிய, வரப்புல ஏறி இரியுங்க" என்கிறார். வரப்பில் உட்கார்ந்ததும் சேற்றைக் குடிதண்ணீரால் கழுவினால்தான் எது வாய், எது பின்முனை என்று தெரியும். இரத்தம் குடித்து உடம்பு உப்பியிருந்தாலும் வாய்முனை மெலிந்தேதான் இருக்கும். ஒரு கையால் அந்த முனைக்குப் பக்கத்துத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுகையின் சுட்டுவிரல் நகத்தைத் தோலோடு படுக்க வைத்து, வாயின் ஓரத்தில் பக்கவாட்டாகத் தள்ள வேண்டும். குத்தவோ நெம்பவோ கூடாது. உறிஞ்சியின் ஓரம் கொஞ்சம் தூக்கியதும் காற்று புகுந்து பிடி விட்டுப்போகும். அது மறுபடி கவ்வப் பார்க்கும், ஆகவே நகத்தை எடுக்காமல் அடுத்த கையால் பின்முனையையும் அதே மாதிரி தள்ளிவிட்டு உடனே சுண்டி எறிய வேண்டும். நகம் வெட்டியிருந்தால் ஏடிஎம் அட்டையின் விளிம்பு போதும்.

இங்கே நடக்கும் தவறு, பெரிதாகத் தெரிகிற பின்முனையை முதலில் கழற்றுவது. அப்போது வாய் கவ்வியபடியே உடம்பு தொங்கும். பிறகு கை தானாக இழுக்கத்தான் செய்யும். எடுத்ததை விரலில் வைத்துக்கொண்டே யோசிப்பது அடுத்த தவறு. அதற்குள் அது விரலில் ஒட்டிவிடும்.

இப்போது கடிவாயைப் பார்த்தால் நடுவில் சந்திக்கிற மூன்று சிறு கீறல் தெரியும். அதிலிருந்து இரத்தம் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கேயும் போட்டி வழிகள் உண்டு. காப்பித்தூள், சாம்பல், மஞ்சள்பொடி, ஒட்டி வைக்கிற தாள் துண்டு, காட்டுப் பாதையோரம் வளரும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற செடியின் இலையைக் கசக்கிப் பிழிந்த சாறு. பொடிகள் மேலே ஒரு பொருக்கு போட்டு இரத்தம் நின்ற மாதிரி காட்டும், அடியில் கசிவு நடக்கும், பிறகு கழுவும்போது பொருக்கோடு பெயர்ந்து வரும். பச்சிலையைப் பொறுத்தவரை அந்தச் சாற்றைவிட, அதைக் கசக்கிய சேற்றுக் கைதான் கவலை.

இவற்றைவிடச் சோப்பும் அழுத்தமும் நன்றாக வேலை செய்யும். முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் கழுவ வேண்டும், மேலே தேங்கிய எச்சிலும் போகும். வாய்க்கால் தண்ணீர் இதற்கு ஆகாது. பிறகு சுத்தமான துணியை நான்காக மடித்துக் கடிவாய் மேல் வைத்து, காலை உயர்த்தி, கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் அழுத்த வேண்டும். நடுவில் நின்றதா என்று தூக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் தோற்கிற இடம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் பிடித்த மெல்லிய உறைவு கிழிகிறது. துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வைக்க வேண்டும். பிறகு கட்டுப்போடலாம், விரல் மரத்தாலோ வெளுத்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள்.

அதற்குப் பிறகும் சில மணி நேரம் துணியில் லேசாகச் சிவப்பு ஊறுவது இயல்பு. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தாலோ, ஒரு மணி நேரம் அழுத்தியும் குறையாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அவ்வளவு நேரம்கூடப் பார்த்திருக்கக் கூடாது.

அடுத்த நாட்களில் அரிப்பு வரும், ஒரு வாரம்கூட நீடிக்கும். சேற்று நகத்தால் சொறிவதுதான் ஆறப்போன கடியைப் புண்ணாக்குகிறது. ஈரத்துணி ஒற்றலாம், தாங்க முடியாவிட்டால் பெரியவர்கள் இரவில் செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போடலாம். கடைசி டிடி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால், சேறு பட்ட காயம் என்பதால் இன்னொன்று தேவை. ஆறும்வரை வயலில் இறங்காமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தண்ணீர் புகாத பிளாஸ்டரை வேலைக்கு முன் ஒட்டி, கரையேறியதும் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தினமும் வெளிச்சத்தில் காலைப் பார்க்க வேண்டும். வலி அவர்களுக்கு எச்சரிக்கை தராது.

சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சூடு, சீழ், தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல்: இதில் ஒன்று வந்தாலும் மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கிப் போட்டு நாளைக் கடத்தக் கூடாது. ஏரோமோனாஸ் அந்த மருந்துக்குப் பொதுவாகக் கட்டுப்படாது. வேறு மருந்து வேண்டும், அதை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயல்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, அது அட்டையால் வருவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த வயல்தண்ணீர் திறந்த கடிவாயில் படும்போது எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகலாம். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். அதற்குள் கடி ஆறி மறந்தே போயிருக்கும். அதனால் மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தேதியில் அட்டை கடித்தது, அதற்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் நின்று வேலை செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.