பால் கக்கிய துணிக்கு வெந்நீரா, என்சைம் ஊறலா?

குழந்தை பால் கக்கிய துணியை நேரே கொதிநீரில் போட்டால் பாலிலுள்ள புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சாதாரணமாகத் துவைத்தாலும் அந்தப் புளித்த வாடை திரும்ப வரலாம். என்சைம் உள்ள சலவைத்தூள் வேறு மாதிரி: முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, கை பொறுக்கும் சூட்டு நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அதிலுள்ள புரோட்டியேஸ் என்ற என்சைம் புரதத்தையும் லைபேஸ் என்ற என்சைம் கொழுப்பையும் உடைக்கும். குளோரின் பிளீச் கலந்தால் என்சைம் கெட்டுவிடும். பட்டு, கம்பளிக்கு இது வேண்டாம், அவையே புரதம்தான்.

மூத்திரத்துணிக்கு என்சைமைவிட உடனே நிறைய தண்ணீரில் அலசுவதுதான் முக்கியம், விட்டுவைத்தால் யூரியா அம்மோனியாவாகிவிடும்.

எதுவானாலும் நுரையும் வழவழப்பும் போகும்வரை அலசுங்கள், மிஞ்சிய தூள் குழந்தையின் தோலை உறுத்தும். ஈரமாக இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் காயப்போடாமல் மறுபடி ஊறவையுங்கள்.