இரண்டு ஐஎம்இஐ, ஒரு போன்: மூன்றாம் வருடத்தில் வந்த வயிற்றெரிச்சல்

போன வாரம் ஒரு நண்பர், மூன்று வருடமாக நான் வைத்திருக்கும் இதே போன் மாடலை வாங்கிவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். பெட்டியில் இரண்டு ஐஎம்இஐ எண்கள், அதாவது போனுக்கான அடையாள எண்கள். "என்னப்பா, டூப்ளிகேட் போனைத் தலையில கட்டிட்டானா?" என்று கேட்டிருந்தார். இல்லை, இரண்டு சிம் போடுகிற போனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் கேட்டிருந்தால் எனக்கும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஒரு ரிப்பேர் எனக்கு மீதியைக் கற்றுக்கொடுத்தது.

பேட்டரி, கேமரா பற்றியெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். மூன்றாம் வருடத்திலும் பேட்டரி என் நாளைத் தாண்டுகிறது, அது போதும். நான் சொல்ல வந்தது முதல் சிம் ஸ்லாட் செத்துப்போன கதை.

ஒருநாள் போன் லோகோவிலேயே நின்றுவிட்டது. கடையில் கொடுத்தேன். சாஃப்ட்வேரை முழுதாக மறுபடி ஏற்றி மறுநாள் கையில் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது, முதல் சிம்மில் சிக்னல் மட்டும் இல்லை. அவசர அழைப்பு மட்டும் என்று காட்டியது. இரண்டாவது சிம் வழக்கம்போல் வேலை செய்தது. கடைக்காரர் சிம்மைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சிம் போயிடுச்சு, மாத்திக்கோங்க" என்றார். நானும் வரிசையில் நின்று மாற்றினேன். புது சிம்மிலும் அதே கதைதான்.

அன்று இரவு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்தேன். இரண்டு சிம்மையும் இடம் மாற்றிப் போட்டேன். செத்ததாகச் சொன்ன சிம் இரண்டாவது ஸ்லாட்டில் உயிரோடு எழுந்தது. நன்றாக இருந்த சிம் முதல் ஸ்லாட்டில் படுத்துக்கொண்டது. அதாவது நோய் சிம்மில் இல்லை, ஸ்லாட்டில். ஆனால் செட்டிங்ஸில் சிம்மின் பெயர் சரியாகத் தெரிந்தது, போன் அதைப் படிக்கிறது. படிக்கிறது, ஆனால் நெட்வொர்க்கில் சேர முடியவில்லை. அப்புறம்தான் டயலரில், ஐஎம்இஐ எண்களைக் காட்டும் `*#06#` அடித்துப் பார்த்தேன். (கீழே இருப்பது உதாரண எண், என்னுடையது அல்ல.)

```
IMEI1: 0
IMEI2: 490154203237526
```

முதல் எண் காணாமல் போயிருந்தது. சாஃப்ட்வேர் ஏற்றும்போது, போனின் நினைவகத்தில் ஐஎம்இஐ எழுதியிருக்கும் தனிப் பகுதியைக் கெடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டபோது, பேக்கப் எடுக்கவில்லை என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இரண்டு எண் எதற்கு என்று எனக்கு உறைத்தது அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோதுதான். நமக்கு இது ஒரே போன். நெட்வொர்க்குக்கு அப்படியில்லை. ஒவ்வொரு சிம்மும் தனித்தனியாகப் போய் டவரில் பதிவு செய்துகொள்கிறது. பதிவின்போது நெட்வொர்க் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம்: நீ எந்த வாடிக்கையாளர், எந்தக் கருவியிலிருந்து பேசுகிறாய்? முதல் கேள்விக்குப் பதில் சிம்முக்குள் இருக்கும் ஐஎம்எஸ்ஐ. இரண்டாவதற்குப் பதில் போனில் இருக்கும் ஐஎம்இஐ. உள்ளே இரண்டு சிம்மும் ஒரே ரேடியோவை மாறி மாறிப் பயன்படுத்தினாலும், வெளியே இரண்டு போன்கள் பதிவு செய்ததாகத்தான் கணக்கு. இரண்டுக்கும் ஒரே ஐஎம்இஐ என்றால், ஒரே கருவி ஒரே நேரத்தில் இரண்டு சந்தாதாரர்களோடு நிற்பதுபோல் தெரியும். எண்ணைக் காப்பியடித்த போலிக் கருவிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் ஸ்லாட்டுக்கு ஒரு எண். கவனியுங்கள், எண் ஒட்டியிருப்பது ஸ்லாட்டோடு, சிம்மோடு அல்ல. நான் சிம்மை இடம் மாற்றியபோது கோளாறு ஸ்லாட்டிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது இடத்தில் இ-சிம் இருக்கும் போன்களிலும் இதே கதைதான், அந்த இரண்டாவது ஐஎம்இஐ இ-சிம்முக்குப் போகும்.

இந்த 15 இலக்கத்தில் முதல் 8 மாடலைக் குறிக்கும். அடுத்த 6 வரிசை எண். கடைசி ஒன்று மட்டும் சரிபார்ப்பு இலக்கம், முன்னால் இருக்கும் 14-ஐ வைத்துக் கணக்கிட்டு வருவது. என் பெட்டியில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்த வரிசை. உதாரணத்தில் சொன்னால் ஒன்று 490154203237518, இன்னொன்று 490154203237526. வரிசை எண் ஒன்றுதான் கூடியது, ஆனால் கடைசி இலக்கம் 8-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. ஆகவே ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு மற்றதை ஒன்று கூட்டி ஊகிக்க முடியாது. சில போன்களில் மாடல் இலக்கங்களே இரண்டிலும் வேறாக இருக்கும். இரண்டையும் குறித்துவைப்பதைத் தவிர வழியில்லை.

இங்கேதான் என் எரிச்சல் ஆரம்பம். நான் பார்த்த படிவங்களில் எல்லாம் ஐஎம்இஐ-க்கு ஒரே ஒரு கட்டம். கடை ரசீதிலும் ஒன்று, வாரண்டி அட்டையிலும் ஒன்று. ரசீதுக்கு அது பரவாயில்லை, போனை அடையாளம் காண முதல் எண் போதும். திருட்டுப் புகாருக்குப் போதாது. முதல் எண்ணை மட்டும் கருப்புப் பட்டியலில் ஏற்றினால் முதல் ஸ்லாட் மட்டும்தான் முடங்கும். திருடினவர் தன் சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால், நெட்வொர்க் பார்ப்பது பட்டியலில் இல்லாத இன்னொரு எண்ணை. போன் பாட்டுக்கு ஓடும். என் செத்த ஸ்லாட்டே இதற்குச் சாட்சி. ஒரு எண் போனாலும் மற்றது ஆறு வாரம் எனக்குச் சோறு போட்டது. கட்டம் ஒன்றுதான் இருந்தால் இரண்டாவது எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள், விடாதீர்கள்.

சரி, என் ஸ்லாட் என்ன ஆனது? "ஒரு ஆப் இருக்கு, எந்த நம்பர் வேணும்னாலும் எழுதிடலாம்" என்று அதே கடைக்காரர் ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். ஐஎம்இஐ-யை மாற்றி எழுதுவது பல நாடுகளில் குற்றம். அதிலும் வேறொருவர் போனின் எண் என் ஸ்லாட்டில் உட்கார்ந்தால், அவர் புகார் கொடுக்கும் நாளில் முடங்குவது நான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெட்டியையும் ரசீதையும் காட்டினேன். என் பழைய எண்ணையே திரும்ப ஏற்றிக் கொடுத்தார்கள். போனைத் திரும்ப வாங்கும்போதே `*#06#` அடித்து, பெட்டியோடு ஒப்பிட்டேன். இரண்டும் பொருந்தின. போர்டையே மாற்றியிருந்தால் எண்களும் மாறியிருக்கும், அப்போது பழைய பெட்டி எண் செல்லாது, ரிப்பேர் ரசீதில் புது எண்கள் இரண்டையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

போன் எப்படி என்று கேட்டால் நல்ல போன். பேட்டரி நன்று, திரை நன்று, விழுந்தும் உடையவில்லை. நண்பர் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பூட் ஆகாமல் நின்றது இதே மாடல்தானே, அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. நான் மட்டும் மாற்றப்போவதில்லை, பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது.