சிமெண்ட் லோடு இறங்கும்போது எண்ணுங்கள், எடையும் போடுங்கள்

மன்னார்குடி பக்கம் வீடு கட்டுகிறவர்கள், குறிப்பாகத் தளம் போட நாள் குறித்துவிட்டு சிமெண்டுக்கு அவசரப்படுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு லோடு இறக்குங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வேலை ஒரு கடையில் மட்டும் நடப்பதும் இல்லை.

எங்கள் தளத்துக்கு 60 மூட்டை சொல்லி, முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. இருட்டுகிற நேரம் பார்த்து வண்டி வந்தது. லோடுமேன், "அஞ்சு அடுக்கு, அடுக்குக்குப் பன்னெண்டு, அறுபது சரியா இருக்குண்ணே, கையெழுத்துப் போடுங்க" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது. நான் கையெழுத்துப் போடாமல், பலகை மேல் பத்துப் பத்தாக அடுக்கச் சொன்னேன். கடைசி அடுக்கில் எட்டுதான். வண்டியின் நடுவில் இரண்டு மூட்டைக்கான இடம் காலியாகவே இருந்து, மேல் வரிசை அதன்மேல் சாய்ந்து மூடியிருக்கிறது. வண்டியில் வைத்து எண்ணவே எண்ணாதீர்கள், தரையில் இறங்கியதை மட்டும் எண்ணுங்கள்.

அப்புறம் எடை. நம் ஊரில் தராசுக்கா பஞ்சம்? தெருவில் நெல் பிடிக்கிறவரிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது, வாங்கி வந்து வெவ்வேறு அடுக்கிலிருந்து நானே பொறுக்கிய பத்து மூட்டையைப் போட்டேன். மொத்தம் 484 கிலோ. சாக்கு எடை ஒன்றுக்கு 100 கிராம் என்று தள்ளினால் 483, அதாவது மூட்டைக்கு 48.3. இந்தியத் தர விதிப்படி சராசரி 50 கிலோ இருக்க வேண்டும், தனியாக எந்த மூட்டையிலும் 2 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. இதில் மூன்று மூட்டை 48-க்கும் கீழே. அந்த மூன்றிலும் சிமெண்ட் நிரப்புகிற மூலை வாய் தொளதொளவென்று, வெளியில் தூள் படிந்து கிடந்தது. கம்பெனியில் நிரப்பியதும் உள்ளிருக்கும் சிமெண்டே அந்த மடிப்பை அழுத்தி மூடிக்கொள்ளும். அது தளர்ந்திருந்தால் வழியில் சிந்தியிருக்கலாம், அந்த வாய் வழியாக யாராவது உருவியும் இருக்கலாம். எதுவானாலும் குறைந்தது நம் சிமெண்ட்தான்.

ஒன்றிரண்டு கிலோதானே என்று மேஸ்திரி சிரித்தார். ஆனால் கலவை போடும்போது மணலையும் ஜல்லியையும்தான் பெட்டியில் அளக்கிறோம், சிமெண்டை மூட்டையோடு கொட்டிவிடுகிறோம், ஆகவே மூட்டையில் குறைந்தது அப்படியே தளத்தில்தான் குறையும். 58 மூட்டைக்கும் அதே சராசரி என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ, இன்னும் இரண்டு மூட்டை காணோம் என்று அர்த்தம்.

இறுகிய மூட்டைகளும் வந்திருந்தன. இங்கே அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது. குடோனில் அடியில் கிடந்த மூட்டை பாரத்தில் இறுகியிருக்கும், தரையில் நாலு புரட்டு புரட்டினால் இளகிவிடும், அதில் குறையில்லை. எங்களுக்கு வந்த ஆறில் நாலு அப்படி இளகிவிட்டன. இரண்டு மட்டும் மூலை கல் மாதிரியே இருந்தது. சாக்கில் அச்சடித்திருந்த வாரம், மாதத்தைப் பார்த்தால் மற்றவற்றைவிட நாலு மாதம் பழசு, ஐப்பசி கார்த்திகை மழையைக் குடோனில் கழித்தவை. கடைக்காரர் முன்னால்தான் ஒன்றைப் பிரித்தோம், உள்ளே விரலால் நசுக்கினால் உடையாத கட்டிகள். "சலிச்சுப் போட்டுக்கலாங்க" என்றார். கட்டியை எடுத்துவிட்டாலும் மிச்சத் தூளும் ஈரம் வாங்கியதுதான், பலம் குறைந்திருக்கும், தளத்துக்கும் தூணுக்கும் ஆகாது.

நான் செய்தது இவ்வளவுதான். வண்டியை அனுப்பாமல் நிறுத்தி, டெலிவரி சலானின் இரண்டு பிரதியிலும் "58 மூட்டை மட்டும் இறங்கியது, அதில் 2 கட்டி, எடை குறைவு" என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கினேன். தராசு எண்ணும் சாக்கின் தேதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்தேன். எடை குறைந்த மூட்டைகளைப் பிரிக்காமல் தனியே வைத்தேன், பிரித்துவிட்டால் நீதான் எடுத்தாய் என்பார்கள். மறுநாள் காலை காணாமல் போன இரண்டும் கட்டிக்கு மாற்று இரண்டும் வந்தன. எடைக்கு மட்டும் "அது கம்பெனி பேக்கிங்குங்க" என்று நழுவினார். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில், எடையளவு பார்க்கிற முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும், சாயங்காலம் இன்னும் இரண்டு மூட்டை வந்து இறங்கியது.

அப்படியும் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், அங்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும், பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்கிற கடையில் வாங்கினால் இதில் எதையும் கேட்க முடியாது. நம் கொட்டகையில் மாதக்கணக்கில் வைத்துக் கட்டியானதற்கும் கடைக்காரர் பொறுப்பில்லை.