சொக்லேட் திரண்டு போனால் எண்ணெயா, சுடுபாலா?

உருகிய சொக்லேட் பளபளவென்று கரண்டியிலிருந்து வழிந்துகொண்டிருக்கும். திடீரென்று மினுக்கம் போய்விடும், கலக்கக் கலக்க இறுகும், கரண்டியைத் தூக்கினால் எல்லாம் ஒரே கட்டியாக அதோடு எழும்பி வரும். நாக்கில் வைத்தால் நறநறவென்றிருக்கும். திருகோணமலையில் வீட்டில் கேக் செய்து கொடுக்கிற ஆட்களிடம் இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும், மற்றது சுடுபால் விடச் சொல்லும். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் கொண்டுபோய் விடுகிற இடம் வேறு வேறு. மூன்றாவதாக, "இன்னும் கொஞ்சம் சூடாக்கினால் இளகிவிடும்" என்று நெருப்பைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம். நீரால் திரண்ட சொக்லேட் சூட்டினால் இளகாது, கூடுதலாகக் கருகும்.

சொக்லேட்டுக்குள் நீர் கிட்டத்தட்ட இல்லை. மிக நுண்ணிய சீனித் துகள்களும் கொக்கோத் துகள்களும் கொழுப்புக்குள் மிதக்கின்றன, அவ்வளவுதான். உருக்கும்போது கொழுப்பு மட்டுமே உருகுகிறது. துகள்கள் அப்படியே இருந்து ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போவதால்தான் சொக்லேட் ஓடுகிறது. இதற்குள் சில சொட்டு நீர் விழுந்தால் அது கொழுப்போடு சேராமல் நேரே சீனியைத் தேடிப் போகும். சீனியின் மேற்பரப்பு கரைந்து பிசுபிசுப்பாகி, பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும். சீனிப் போத்தலுக்குள் ஈரக் கரண்டியை விட்டால் என்ன நடக்கும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். இரண்டு சொட்டுக்குக் கட்டிபடும், ஒரு கோப்பை ஊற்றினால் கரைந்து பாணியாகிவிடும். சொக்லேட்டிலும் இதேதான். கொஞ்ச நீர் திரள வைக்கும், போதிய நீர் மறுபடி ஓட வைக்கும். 100 கிராமைக் கெடுக்க அரைத் தேக்கரண்டி போதும்.

உவர்மலையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பிறந்தநாள் கேக்கின் மேல் ஊற்றுவதற்கு 200 கிராம் கறுப்புக் குக்கிங் சொக்லேட்டை உருக்கிக்கொண்டிருந்தார். கொதிக்கிற சட்டியின் மேலிருந்த கிண்ணத்தை எடுத்துச் சரித்தபோது, அடியில் பிடித்திருந்த நீர் விளிம்பு வழியே உள்ளே ஓடிவிட்டது. நான் போனபோது சொக்லேட் கரண்டியில் திரண்டு நின்றது. "தங்கச்சி, இன்னொரு பக்கெற் வாங்க இந்த நேரம் கடை இல்லை. எண்ணெய் விடவா?" என்றார். அதை இரண்டு பங்காகப் பிரித்து, 100 கிராமுக்கு எண்ணெய், 100 கிராமுக்குச் சுடுபால் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தோம்.

எண்ணெய்ப் பங்கு முதலில் சந்தோஷம் தந்தது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கலக்க, கட்டி தளர்ந்தது. இன்னும் அரைக் கரண்டி விட, மெதுவாக வழியத் தொடங்கியது. ஆனால் உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன மணிகள் அப்படியே மிதந்தன. காரணம் தெளிவு. எண்ணெய் துகள்களுக்கு இடையில் வழுக்கலைக் கூட்டுகிறதே தவிர, ஒட்டிக்கொண்ட சீனியைப் பிரிப்பதில்லை. அடுத்த குறை எங்கள் ஊருக்கே உரியது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 25 பாகையில் உருகிவிடும், எங்கள் குசினி இரவிலும் அதற்கு மேல்தான். அதனால் கேக்கின் மேல் பூசிய எண்ணெய்ப் பங்கு காற்றாடிக்குக் கீழே வைத்தும் இறுகவில்லை, விரல் பட்ட இடம் ஒட்டியது. பிரிட்ஜில் வைத்தால் இறுகும். வெளியே எடுத்தால் வியர்க்கும்.

சுடுபால் பங்கில் நடந்தது வேறு. நன்றாகச் சூடேறிய பாலில் முதல் மேசைக்கரண்டி விட்டுக் கலக்கியதும் சொக்லேட் இளகவில்லை, இன்னும் இறுகியது. அக்காவின் முகம் மாறிவிட்டது. "விட்டதே பிழை" என்று பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான், கைவிடக் கூடாத இடமும் இதுதான். இரண்டாவது கரண்டியில் ஓரங்கள் மினுங்கத் தொடங்கின. மூன்றாவதில் முழுவதும் சட்டென்று இணங்கி, மணியே இல்லாமல் மழமழப்பாக வந்தது. இப்போது சீனி பாலில் கரைந்துவிட்டது, கொழுப்புத்தான் நுண்துளிகளாக அதற்குள் பிரிந்து கிடக்கிறது. முன்பு இருந்த அமைப்பு தலைகீழாக மாறிவிட்டது.

கணக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட 60 கிராம் சொக்லேட்டுக்கு ஆகக் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் திரவம் வேண்டும். 200 கிராமுக்கு நான்கு கரண்டியில் தடித்த பூச்சு கிடைக்கும். கேக்கின் மேல் ஊற்றி வழிய விட வேண்டுமென்றால் ஆறேழு கரண்டி வரை போகும். கொக்கோ வீதம் கூடிய கறுப்புச் சொக்லேட் இன்னும் கொஞ்சம் கேட்கும். பால், பிரெஷ் கிரீம், வெறும் சுடுநீர் எல்லாமே வேலை செய்யும். கிரீம் சுவையில் முந்தும், சுடுநீர் கொக்கோ மணத்தைக் கூடுதலாகக் காட்டும். எதை விட்டாலும் சூடாகத்தான் விட வேண்டும். குளிர்ந்த பால் கொழுப்பை உறைய வைத்துப் புதிதாகக் கட்டிகளை உண்டாக்கும்.

ஆகவே என் தீர்ப்பு சுடுபாலுக்குத்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பால் சேர்ந்த சொக்லேட் இனி ஒருபோதும் "டக்" என்று உடைகிற மாதிரி இறுகாது. அச்சில் ஊற்றவோ, பிஸ்கட்டைத் தோய்த்துக் காய வைக்கவோ முடியாது. கேக் பூச்சு, இடைப் பூரணம், பிரவுணி, பால் பானம் ஆகியவற்றுக்கு அது அருமையான சாமான். கேக் மாவில் சேர்ப்பதென்றால் விட்ட பாலை மாவின் பாலில் கழித்துவிட வேண்டும். எண்ணெய் வழிக்கு ஓர் இடம் இருக்கிறது: விலை குறைந்த கொம்பவுண்ட் சொக்லேட். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால், கொஞ்ச எண்ணெயால் அதிகம் இழப்பதற்கில்லை. மெல்லிய கோடுகளாக மேலே வரைய அது போதும். சீனி அதிலும் உண்டு என்பதால் அதுவும் நீர் பட்டால் இதே மாதிரித் திரளும். "கொம்பவுண்ட் என்றால் பயமில்லை" என்று சொல்வது சரியல்ல. எண்ணெய்க்குப் பதிலாகப் பட்டரோ மாஜரினோ போடுகிறவர்கள் அவற்றிலும் நீர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பட்டரில் அது ஏறக்குறைய 16 வீதம். கொழுப்பால்தான் மீட்கப் போகிறோம் என்றால் நெய் நல்லது.

இவ்வளவும் நீரால் திரண்டதற்கு. கருகியது வேறு வழக்கு. கறுப்புச் சொக்லேட் 50 பாகையைத் தாண்டினாலும், பால் சொக்லேட்டும் வெள்ளைச் சொக்லேட்டும் 45ஐத் தாண்டினாலும் கெடத் தொடங்கும். பால் உள்ள வகைகளில் பாற்புரதம் திரண்டு மணிமணியாகும். இது சட்டென்று வராமல் மெல்ல மெல்ல மங்கித் தடிக்கும், ஓரத்தில் எண்ணெய் பிரியும், மணம் மாறும். கிண்ணத்தில் விரலை வைத்திருக்க முடியாத சூடென்றால் அளவு கடந்துவிட்டது என்று எடுக்கலாம். சந்தேகமென்றால் ஒரு தேக்கரண்டி சொக்லேட்டைத் தனியாக எடுத்து, அதில் அரைத் தேக்கரண்டி சுடுநீர் விட்டுக் குழைத்துப் பாருங்கள். மழமழவென்று வந்தால் நீர்தான் எதிரி, முழுவதையும் பால் விட்டு மீட்கலாம். மணி போகாமல் கசப்பும் இருந்தால் அது கருகல். மணம் கெடாத அளவிலென்றால் நெருப்பிலிருந்து இறக்கி, வெட்டிய புதுச் சொக்லேட் ஒரு பிடி போட்டுக் கலக்கி வடித்துப் பார்க்கலாம். கருகின மணம் வந்துவிட்டால் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

வராமல் காக்கிற முறைகளிலும் இரண்டு கட்சி: ஆவிச் சட்டியும் மைக்ரோவேவும். வெள்ளைச் சொக்லேட்டுக்கு மைக்ரோவேவில் கருகும் ஆபத்துக் கூட. மற்றவற்றுக்கு நான் மைக்ரோவேவ் பக்கம், ஏனென்றால் அங்கே ஆவியே இல்லை. பாதி வலுவில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கலக்கு, பிறகு 15 விநாடி வீதம். உருகினாலும் துண்டு தன் வடிவத்தை விடாது, அதைப் பார்த்து "இன்னும் உருகவில்லை" என்று நேரத்தைக் கூட்டினால் நடுப்பகுதி கருகிவிடும். முக்கால்வாசி உருகியதும் நிறுத்தினால் மிச்சம் கலக்கும் சூட்டிலேயே உருகும். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் ஆவிச் சட்டியைப் பத்திரமாகப் பாவிக்கலாம். இரண்டு விரல் அளவு நீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். சட்டி வாயை முழுதாக மூடுகிற அகலமான கிண்ணத்தை, அடி நீரில் படாமல் வையுங்கள். மூடி போட வேண்டாம், மூடியில் பிடிக்கிற ஆவி சொட்டாகத் திரும்பி விழும். கிண்ணத்தை எடுத்தவுடன் சரிக்காமல் துணியில் வைத்து அடியைத் துடைக்க வேண்டும். மர அகப்பை கழுவிய ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும், காய்ந்த எவர்சில்வர் கரண்டியே நல்லது. வெள்ளைச் சொக்லேட்டுக்கு நிறம் போடும்போது கேக்குக்கு விடுகிற திரவக் கலரை விட்டால் அந்த நிமிடமே திரளும். அதற்குத் தூளோ எண்ணெய்க் கலரோதான் சரி.

எங்கள் பக்கம் அடிக்கடி கவனத்திலிருந்து தப்புகிற காரணம் பிரிட்ஜ். வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கிற மாதங்களில் சொக்லேட்டை வெளியில் வைக்க முடியாது, மாரியிலும் பழக்கத்தில் பிரிட்ஜிலேயே கிடக்கும். வெளியே 30 பாகையும் ஈரப்பதன் 75 வீதமுமாக இருந்தால், ஏறக்குறைய 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் பூக்கும். பிரிட்ஜிலிருந்து வருகிற சொக்லேட் அதைவிடப் பல மடங்கு குளிர். அதை எடுத்தவுடன் உறையைப் பிரித்து வெட்டினால், வெட்டின ஒவ்வொரு துண்டும் நீரைப் பூசிக்கொண்டுதான் கிண்ணத்துக்குள் போகும். உறையோடும் மேலே ஒரு பொலித்தீன் பையோடும் வெளியில் வைத்து, குளிர் முற்றாகப் போன பிறகு பிரித்தால் நீர் பையின் மேல்தான் பிடிக்கும். பையைத் துடைத்துவிட்டு, காய்ந்த பலகையில் வெட்டுங்கள். ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே எடுத்து வைப்பது எனக்கு வழக்கம்.

பால் விட்டு மீட்டது மிஞ்சினால் அதை வெளியில் விட வேண்டாம். எங்கள் சூட்டில் அது பாலைப் போலவே கெடும். மூடி பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இளக்கும்போது ஒரு கரண்டி சுடுபால் சேர்த்துக் கலக்கினால் போதும். ஏற்கெனவே போதிய நீர் உள்ளே இருப்பதால், அது இன்னொரு முறை திரளாது.