செல் பாடங்களுக்குப் பதினான்கு நாள்: தொடர் அட்டவணையா, சுழல் அட்டவணையா?

நீட் எழுதப்போகும் பிளஸ் டூ மாணவருக்கு, பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டியில் செல் பகுதி மூன்று பாடங்கள்: செல், உயிரி மூலக்கூறுகள், செல் சுழற்சியும் செல் பகுப்பும். இவற்றைத் திருப்ப இரண்டு வாரம் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது தொடர் அட்டவணை. பாடத்துக்கு நான்கு நாள் என்று பன்னிரண்டு நாள் போகும். கடைசி இரண்டு நாளும் மாதிரித் தேர்வு. இரண்டாவது சுழல் அட்டவணை. முதல் ஆறு நாளில் பாடத்துக்கு இரண்டு நாள். ஏழாம் நாள் மூன்றும் கலந்த தேர்வு. எட்டு முதல் பதின்மூன்று வரை தினம் ஒரு பாடமாக இரண்டு சுற்று, பதினான்காம் நாள் மறுபடி கலப்புத் தேர்வு.

தொடர் அட்டவணையில் மனநிறைவு அதிகம். ஆனால் நான்காம் நாள் மூடிய செல் பாடத்தைப் பதின்மூன்றாம் நாள்தான் மறுபடி பார்ப்பீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: அன்று படித்ததிலிருந்தே அன்று கேள்வி போட்டால் விடை தானாக வந்துவிடும், தெரிந்ததுபோலவே இருக்கும்.

வெங்காய வேர்நுனி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி1 கட்டத்தில் 16 குரோமோசோம். எஸ் கட்டம் முடிந்த பின்னும் 16தான். இரட்டிப்பது டிஎன்ஏ அளவு மட்டும். மைட்டாசிஸ் படித்த அன்று இதை யாரும் தவறவிடுவதில்லை. அதே 16 குரோமோசோம் செடியில் மியாசிஸ் நடக்கும் செல்லுக்கு, முதல் பகுப்பு முடிந்ததும் என்ன நிலை என்று நான்கு நாள் கழித்துக் கேளுங்கள். குரோமோசோம் 8, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட். ஆகவே டிஎன்ஏ ஜி1 அளவுக்கே திரும்பியிருக்கும். அது பாதியாவது இரண்டாம் பகுப்புக்குப் பிறகே. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு என்பதால், ஒரு வழுக்கலுக்கு 5 மதிப்பெண் வித்தியாசம்.

சுழல் அட்டவணையில் பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்கின்றன. சென்ட்ரியோலின் அமைப்பு செல் பாடத்தில் வருகிறது, அது எஸ் கட்டத்தில் இரட்டிப்பது பகுப்புப் பாடத்தில். பாக்கிட்டீனில் குறுக்கெதிர் மாற்றத்தை நடத்தும் ரீகாம்பினேஸ் ஒரு நொதி. அதைப் படித்த மறுநாளே நொதிகளைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

என் தேர்வு சுழல் அட்டவணைதான். ஒரே ஒரு விதிவிலக்கு: உயிரி மூலக்கூறுகளை இதுவரை ஒழுங்காகவே படிக்காதவர். அவருக்கு அது திருப்புதல் அல்ல, முதல் வாசிப்பு. அந்தப் பாடத்துக்கு மட்டும் தொடர்ந்து நான்கு நாள் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் சுழற்றலாம்.

ஏழாம் நாள் தேர்வின் தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள். சைகோட்டீனையும் பாக்கிட்டீனையும் மாற்றி எழுதியிருந்தால் அது குழப்பம். அடுத்த சுற்றில் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து நிலைகளையும் வரைந்தால் சரியாகும். கேள்வியே புரியவில்லை என்றால் படிக்காத இடம். அப்படிப்பட்டவை ஒரே பாடத்தில் குவிந்திருந்தால், எட்டாம் நாளையும் ஒன்பதாம் நாளையும் அதற்கே ஒதுக்குங்கள்.